கணக்கு நின்றுவிட்டது, விடை சரிதானா?

பொறியியல் கல்லூரிகளின் மெஷின் லேர்னிங் லேபில் மாணவர்கள் தாங்களே எழுதிப் பார்க்கும் நிரல்களில் ஒன்று கே-மீன்ஸ். பெயர் சொல்லாமல் கொடுத்த புள்ளிகளை, நெருக்கத்தை வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் முறை இது. நூலகத்தில் இருக்கும் ஆயத்த நிரலைக் கூப்பிட்டால் ஓரிரு வரிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் லேபில் அதை அடியிலிருந்து எழுதச் சொல்வார்கள். எழுதி முடித்ததும், "கன்வெர்ஜ் ஆச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்ற பதில் எதை உறுதி செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதை ஆறே எண்களை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒரே சாலையில் ஆறு ஊர்கள். சாலையின் தொடக்கத்திலிருந்து அவை 2, 4, 10, 12, 20, 24 ஆகிய கிலோமீட்டர்களில் இருக்கின்றன. இரண்டு துணை சுகாதார நிலையங்கள் அமைக்க வேண்டும். எந்தெந்த ஊர் எந்த நிலையத்துக்கு, நிலையங்களை எங்கே வைப்பது? ஒவ்வொரு ஊருக்கும் அதன் நிலையத்துக்கும் உள்ள தொலைவை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கே-மீன்ஸ் செய்வது இரண்டே வேலைகள். முதலில், ஒவ்வொரு ஊரையும் தனக்குக் கிட்ட இருக்கும் மையத்தோடு சேர்க்கிறது. அடுத்து, ஒவ்வொரு மையத்தையும் தன்னிடம் சேர்ந்த ஊர்களின் சராசரிக்கு நகர்த்துகிறது. மையங்கள் நகராமல் நிற்கும்வரை இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் லாயிட் 1957-இல் இந்த முறையை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது, குரல் அலைகளை எண்களாக மாற்றி அனுப்பும் பிரச்சினை. அவருடைய கட்டுரை 1982-இல்தான் அச்சானது. கே-மீன்ஸ் என்ற பெயரை 1967-இல் ஜேம்ஸ் மக்வீன் வைத்தார்.

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
import numpy as np

def kmeans(X, C, max_iter=100):
    hist = []
    for _ in range(max_iter):
        d = ((X[:, None] - C[None]) ** 2).sum(axis=2)
        lab = d.argmin(axis=1)
        hist.append(d.min(axis=1).sum())
        newC = np.array([X[lab == j].mean(axis=0)
                         for j in range(len(C))])
        if np.allclose(newC, C):
            break
        C = newC
    return lab, C, hist
```

இதில் `hist` என்ற பட்டியல் ஒவ்வொரு சுற்றின் செலவையும் குறித்துவைக்கிறது. நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்லும் சாட்சி அதுதான்.

முதல் இரண்டு ஊர்களையே, அதாவது 2, 4 இரண்டையும், தொடக்க மையங்களாகக் கொடுப்போம். முதல் சுற்றில் 2 மட்டும் தனியாக நிற்க, மற்ற ஐந்தும் 4-ஐச் சேர்கின்றன. செலவு 756. அந்த ஐந்தின் சராசரி 14 என்பதால் இரண்டாவது மையம் அங்கே தாவுகிறது. இப்போது 4-ஆம் கிலோமீட்டர் ஊருக்கு 14 தூரமாகிவிட்டது. அது 2-இன் பக்கம் வந்துவிடுகிறது. செலவு 160. மையங்கள் 3-க்கும் 16.5-க்கும் போகின்றன. மூன்றாம் சுற்றில் செலவு 133. எந்த ஊரும் இடம் மாறவில்லை, மையமும் நகரவில்லை. நிரல் நின்றுவிட்டது.

செலவு ஏன் ஏறவே இல்லை? கிட்ட இருக்கும் மையத்துக்கு ஓர் ஊரை மாற்றினால் அதன் தொலைவு குறையுமே ஒழியக் கூடாது. ஒரு கூட்டத்தின் தொலைவு வர்க்கங்களை மிகக் குறைவாக்கும் இடம் அதன் சராசரி என்பதால், மையத்தை நகர்த்தும்போதும் செலவு ஏறாது. ஆறு ஊர்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்க 31 வழிகள்தான் உண்டு. குறைந்துகொண்டே போகும் செலவு, ஒரு முறை விட்டுப்போன பிரிப்புக்குத் திரும்ப வராது. ஆகவே என்றாவது நின்றே தீரும்.

இதை வைத்தே நிரலைச் சோதிக்கலாம். `hist` ஒரு முறை ஏறினாலும் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை எடுத்திருக்கலாம், அல்லது தொலைவை வேறு விதமாக அளந்திருக்கலாம். எந்தத் தரவைக் கொடுத்தாலும் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் `old = C` என்று எழுதிவிட்டு `C`-க்குள்ளேயே புது மையங்களை எழுதியிருப்பார்கள். நம்பையில் இது நகல் எடுப்பதில்லை. இரண்டு பெயரும் ஒரே பெட்டியைக் காட்டுகின்றன. பழையதும் புதியதும் எப்போதும் சமமாகத்தானே இருக்கும்? `old = C.copy()` என்று எழுத வேண்டும்.

பட்டியலில் `nan` வந்தால் ஒரு மையத்துக்கு ஊரே சேரவில்லை என்று பொருள். 2, 100 என்று தொடங்கிப் பாருங்கள்: 100-ஐ நாடி எவரும் போகமாட்டார்கள், காலிக் கூட்டத்துக்குச் சராசரி கிடையாது. அதோடு முடிவதில்லை. `argmin` என்பது `nan`-ஐயே மிகச் சிறியதாக எடுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் ஆறு ஊர்களும் அந்தச் செத்த மையத்தில் போய்ச் சேரும். காலியான மையத்தை, தன் மையத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் ஊருக்கு மாற்றிவிடுவது வழக்கமான தீர்வு.

இந்தக் குறை எதுவும் இல்லாத நிரலில், இப்போது தொடக்கத்தை மட்டும் மாற்றி, 2, 24 என்று கொடுப்போம். இரண்டு ஓட்டங்களும் இப்படி இருக்கும்:

```
2, 4  : 756, 160, 133
2, 24 : 184, 76
```

இரண்டுமே ஒழுங்காக இறங்கி ஒழுங்காக நின்றவை. ஆனால் இரண்டாவதில் 2, 4, 10, 12 ஒரு கூட்டம். 20, 24 இன்னொன்று. செலவு 76, முதல் விடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அங்கே 10-ஆம் கிலோமீட்டர் ஊர் பக்கம் மாறாததற்குக் காரணம், 3-க்கும் 16.5-க்கும் நடுப்புள்ளியான 9.75-ஐ அது கால் கிலோமீட்டர் தாண்டியிருப்பதுதான். 10, 12 இரண்டும் சேர்ந்து மாறினால் செலவு சரியும். ஆனால் கே-மீன்ஸ் மையங்களை இருந்த இடத்திலேயே வைத்துத்தான் ஒவ்வோர் ஊரையும் கேட்கிறது. கன்வெர்ஜ் ஆனது என்றால், இந்த இரண்டு வேலைகளால் இதற்கு மேல் குறைக்க முடியவில்லை என்பது மட்டுமே.

அதனால் தொடக்கத்தில்தான் கவனம் வேண்டும். 2007-இல் டேவிட் ஆர்தரும் செர்கெய் வசில்வித்ஸ்கியும் சொன்ன வழி இது: முதல் மையத்தைக் குலுக்கலில் எடுங்கள், அடுத்ததை எடுக்கும்போது, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வாய்ப்பைக் கூட்டுங்கள். முதலில் 2 வந்திருந்தால், சாதாரணக் குலுக்கலில் 4 வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. இந்த முறையில் 976-இல் 4 மட்டுமே, 24-க்கோ 484. ஆனாலும் 10 அல்லது 12 வர ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவை வந்தால் பழையபடி 133-இல்தான் நிற்கும். ஆகவே பல தொடக்கங்களிலிருந்து ஓட்டி, செலவு குறைந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஆயத்த `KMeans` நிரலோடு ஒப்பிடும்போதும் கூட்டங்களின் எண்களைப் பார்க்கக் கூடாது. ஒன்றின் 0 மற்றொன்றில் 1 ஆக இருக்கும். அதன் `inertia_` நம் செலவோடு ஒத்துப்போகிறதா என்றே பார்க்க வேண்டும்.

76-க்குக் கீழே வேறு பிரிப்பு இல்லை என்று நம்மால் அடித்துச் சொல்ல முடிவது, 31 வழிகளையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம் என்பதால்தான். ஆயிரம் புள்ளிகளுக்கு அது நடக்காது. அங்கே ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டியது "கன்வெர்ஜ் ஆனது" என்ற வரியை அல்ல. எத்தனை தொடக்கங்களிலிருந்து ஓட்டினோம், ஒவ்வொன்றும் எந்தச் செலவில் நின்றது என்ற பட்டியலை.