லேபிளில் எதை மறைப்பது?

போன வாரம் பரணில் கிடக்கும் பழைய அடாப்டர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த மூன்றாம் மாடிக்காரர் தன் வீட்டு ரவுட்டரைக் கவிழ்த்துப் படமெடுத்து, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "அடாப்டர் புகைஞ்சுபோச்சு. இதுக்கு எது பொருந்தும்னு யாராவது சொல்லுங்க." குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். வீடு காலி செய்துவிட்டுப் போனவர்கள், பிளம்பர், தண்ணீர் லாரிக்காரர் எல்லாரும் அதில் உண்டு.

உடனே அவரைக் கூப்பிட்டேன். "சார், அந்தப் படத்தை முதல்ல எடுத்துடுங்க."

"ஏன் சார், வெறும் ரவுட்டர்தானே?"

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாடல் பெயர், வெர்ஷன், 12V 1A போன்ற மின் அளவு, அதன் பக்கத்தில் பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படம். அடாப்டர் தேட இவ்வளவு போதும். ஆனால் அதே லேபிளில்தான் வைஃபையின் பெயரும், கம்பெனி வைத்த கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும். அந்தச் சொல்லை மாற்றியவர்களைவிட மாற்றாதவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாடிக்காரரும் மாற்றவில்லை.

அதற்குக் கீழே MAC என்று பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு, தயாரித்த கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டவை. கடைசி ஆறு அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியவை. எந்த வைஃபை எந்த இடத்தில் ஒலிபரப்பாகிறது என்று உலகம் முழுக்கச் சேகரித்து வைத்திருக்கும் வரைபடங்கள் உண்டு. WiGLE அவற்றில் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரின் முழு எண் கையில் இருந்தால், அது இருக்கும் தெருவைத் தேடிப் பார்க்க முடியும். கைப்பேசியின் IMEI எண்ணும் இதே மாதிரிதான். பதினைந்து இலக்கங்களில் முதல் எட்டு மாடலைச் சொல்லிவிடும். மாடலைக் கண்டுபிடிக்கத்தான் படம் என்றால் அந்த எட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்பாதியை மறைத்தால் உதவ வருகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சீரியல் எண்ணையும் முழுசாகக் காட்டத் தேவையில்லை. அதை வைத்து வாரண்டி கேட்க இன்னொருவரும் முயலலாம்.

அந்தப் படத்தில் லேபிளைத் தாண்டியும் விஷயம் இருந்தது. ரவுட்டர் வைத்திருந்தது ஒரு கூரியர் அட்டைப்பெட்டியின் மேல். பெயரையும் போன் நம்பரையும் கட்டைவிரலால் மறைத்திருந்தார், பாவம். பார்கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதற்குள் இருப்பது பார்சலின் எண். அதைக் கூரியரின் தளத்தில் போட்டால் பார்சல் எந்த ஊருக்குப் போனது, எப்போது கொடுத்தார்கள் என்பது வந்துவிடும். "உங்க பார்சல்ல ஒரு சிக்கல்" என்று போனில் ஆரம்பிக்கும் மோசடிக்காரனுக்கு அது போதாதா? பின்னால் அணைந்து கிடந்த டிவியின் கறுப்புத் திரையில் அவர் பேத்தியின் முகம் விழுந்திருந்தது. எவர்சில்வர் குடமோ மிக்ஸி ஜாரோ எடுத்தால் அதிலும் நம் முகம் விழும். கொஞ்சம் சாய்த்து எடுத்தால் தப்பிக்கலாம்.

"சரி, வெட்டிட்டு மறுபடி போடறேன்" என்றார். வெட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐபோனிலேயே வெட்டிய படத்தை மறுபடி பழையபடி ஆக்கிவிடலாம், அசல் உள்ளேயே இருக்கும். பிக்சல் கைப்பேசிகளில் 2023 மார்ச்சில் வெளியான விவகாரம் இன்னும் மோசம். படம் வெட்டும் கருவி, சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு, மீந்த வாலை அழிக்காமல் விட்டிருந்தது. வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதியை அந்த வாலிலிருந்து ஓரளவு மீட்க முடிந்தது. பிழை திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான்.

மார்க்கர் பூசுவதிலும் கவனம் வேண்டும். ஹைலைட்டர் கண்ணாடி போன்றது. கறுப்பை நாலு தடவை பூசினாலும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து எட்டிப் பார்க்கும். ஒளிபுகாத பட்டை ஒன்றே கதி.

நான் செய்வது இதைவிட எளிது. படமெடுக்கும் முன்பே, மறைக்க வேண்டிய வரிகளின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவேன். வெறும் துண்டை விரித்து அதன் மேல் பொருளை வைப்பேன், பின் அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தையும். கிட்டப் போய் எடுத்தால் வெட்ட ஒன்றும் இருக்காது. படத்தைப் படமாகவே அனுப்புவேன். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பும் கூடவே போய்விடலாம்.

இரண்டாவது படத்தை அப்படித்தான் எடுத்துப் போட்டார். அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது: 12V 1A, நடு பிளஸ். மறுநாள் அடாப்டர் வந்ததும் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். மாற்றினார். சாயங்காலம் மறுபடி போன்.

"சார், டிவி இப்போ என்னமோ பாஸ்வேர்டு கேக்குது. பேத்தி சீரியல் பாக்கணும்னு அழறா."