மளிகைக் கடைத் திட்டம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

சிறு கடைக்கான திட்ட அறிக்கையில் செலவுப் பக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று விசாரித்து எழுதிவிடலாம். விற்பனையும் லாப விகிதமும் அப்படியல்ல. கடை திறக்கும்வரை இரண்டுமே ஊகம்தான். அதனால் அறிக்கையைச் சரிபார்ப்பவர் முதலில் இந்த இரண்டு எண்களையும், அடுத்து அறிக்கையில் எழுதாமல் விட்டவற்றையும் பார்க்க வேண்டும்.

மாதிரிக்கு, தமிழ்நாட்டு நகரம் ஒன்றின் விளிம்பில், புதிய மனைப்பிரிவில் தொடங்கவிருக்கும் மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலீடு 8 லட்சம் ரூபாய். அதில் கைப்பணம் 3 லட்சம், வங்கிக் கடன் 5 லட்சம். அலமாரி, குளிர்பெட்டி, பெயர்ப்பலகைக்கு 3 லட்சமும், முதல் சரக்குக்கு 3 லட்சமும், கடைக்கு அட்வான்ஸாக ஒன்றரை லட்சமும் போக, கையிருப்பு 50,000. வாடகை, இரண்டு ஆட்களின் சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை, சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 59,000 ஆகிறது. விற்பனைக் கணக்கு இப்படிப் போகிறது: மனைப்பிரிவில் 500 வீடுகள், வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் மளிகைச் செலவு, ஆக மொத்தம் 30 லட்சம், அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே 6 லட்சம் விற்பனை. 20 சதவீத லாபத்தில் 1,20,000 வரும். செலவு போக 61,000 மிஞ்சும்.

500 என்பது வரைபடத்தில் உள்ள மனைகளின் எண்ணிக்கை. மாலை ஏழு மணிக்கு ஒரு சுற்று நடந்து, விளக்கு எரியும் வீடுகளை எண்ணினால் உண்மை தெரியும். இங்கே குடியிருப்பவை 320 என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாயிலும் ஒரு கேள்வி இருக்கிறது. ரேஷனில் அரிசி இலவசமாகவும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும் மாநிலத்தில், அந்த மூன்றின் ஒரு பகுதி பல வீடுகளில் தனிக் கடைக்கு வருவதே இல்லை. மாத மளிகையை மொத்தமாக டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வாங்குகிறவர்களும் உண்டு. தெருக்கடைக்கு எஞ்சுவது பால், தயிர், பிஸ்கட், ஷாம்பு பாக்கெட், தீர்ந்துபோன கடுகு போன்ற அவசரத் தேவைகள்.

ஆகவே சந்தைப் பங்கு என்ற சதவீதத்தைவிட பில்களின் எண்ணிக்கையே நம்பத்தக்க அளவுகோல். மாதம் 6 லட்சம் என்றால் நாளுக்கு 20,000. ஒருவர் சராசரியாக நூறு ரூபாய்க்கு வாங்கினால் தினமும் 200 பேர் வர வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு என்று படிக்கும்போது அடக்கமாகத் தெரிந்த எண், குடியிருக்கும் எட்டு வீடுகளில் ஐந்து வீடுகளிலிருந்து அன்றாடம் ஒருவர் வந்தாக வேண்டும் என்றாகிவிடுகிறது. நடக்கக்கூடியதா என்பதற்கு அதே அளவு குடியிருப்பில் ஏற்கெனவே உள்ள கடைதான் சாட்சி. ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் எதிரே நின்று ஆட்களை எண்ணினால் போதும். மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் எண்ணிவிட்டு வரக்கூடாது. சம்பளப் பணம் புழங்கும் நாட்கள் ஏமாற்றும்.

விலைக் கணக்கில் உள்ள பிழை இன்னும் நுட்பமானது. 100 ரூபாய்க்கு வாங்கி 120 ரூபாய்க்கு விற்றால், வாங்கிய விலையில் லாபம் 20 சதவீதம். விற்ற விலையில் 16.7 சதவீதம்தான். அறிக்கை, வாங்கிய விலைமேல் வைத்த விகிதத்தை விற்பனைத் தொகையோடு பெருக்கியிருக்கிறது. இதிலேயே 1,20,000 ஒரு லட்சமாகக் குறைந்துவிடுகிறது. அந்த 20 சதவீதமும் எல்லாச் சரக்குக்கும் கிடைக்காது. பாக்கெட் பொருளை அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்க முடியாது. அதற்குக் கீழே எவ்வளவு மிஞ்சும் என்பதை விநியோகஸ்தரின் பில்தான் முடிவுசெய்கிறது.

சரக்கை மூன்று கூறாகப் பிரித்தால் தெளிவு பிறக்கும். விற்பனையில் 40 சதவீதம் பால், எண்ணெய், சர்க்கரை; இவற்றில் லாபம் 4 சதவீதம் என்று கொள்வோம். 35 சதவீதம் பாக்கெட் பொருள். லாபம் 10 சதவீதம். மீதி 25 சதவீதம் சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்பு, மிளகாய், புளி வகை; லாபம் 18 சதவீதம். மூன்றையும் சேர்த்தால் சராசரி லாபம் 9.6 சதவீதம். 6 லட்சம் விற்றாலும் கிடைப்பது 57,600 ரூபாய், செலவோ 59,000. எதிர்பார்த்த விற்பனை முழுதாக நடந்த மாதத்திலேயே கடை நஷ்டத்தில் நிற்கிறது. இதில் உரிமையாளரின் உழைப்புக்கு ஒரு பைசாகூட இல்லை. பல கடைகள் மனைவி, அம்மா, கல்லூரி விட்டு வரும் பிள்ளை ஆகியோரின் சம்பளமில்லாத உழைப்பில்தான் ஓடுகின்றன. அதில் தவறில்லை, ஆனால் அந்த உழைப்பைத் திட்டத்தில் எழுத வேண்டும்.

பாக்கெட் பொருளை எம்.ஆர்.பி.யிலிருந்து 5 சதவீதம் குறைத்துக் கொடுத்து ஆட்களை இழுக்கலாம் என்ற யோசனையும் இத்தகைய அறிக்கைகளில் வரும். 10 சதவீத லாபத்தில் 5 ஐ விட்டுக்கொடுத்தால், பழைய வருமானத்துக்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

எழுதாமல் விட்ட ஆபத்துகளில் முதலாவது நோட்டுக் கணக்கு. பழகிய வீடுகள் மாதக் கடைசியில் பணம் தரும். விற்பனையில் 30 சதவீதம் அப்படிப் போனால், எந்த நேரமும் 1,80,000 ரூபாய் வரை வெளியே நிற்கும். கையிருப்பு 50,000 தான். லாபம் ஏட்டில் இருக்கும். பால் வண்டிக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

அடுத்தது வரி. ஆண்டு விற்பனை 72 லட்சம் என்று அறிக்கையே சொல்கிறது. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு 40 லட்சம். எளிய வழியான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தாலும், வரிக்குரிய சரக்கின் விற்பனையில் ஒரு சதவீதத்தைக் கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. விற்பனையில் பாதி வரிக்குரியது என்றால் மாதம் 3,000 ரூபாய். அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவது, இடம். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி 3 லட்சத்துக்கு அலமாரி அடிக்கிறார்கள். காலி செய்யச் சொன்னால் அட்வான்ஸ் திரும்ப வரும். சுவரோடு பொருத்திய மரவேலை வராது.

இவற்றைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறந்து விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்தால் என்ன ஆகும்? 4 லட்சம் விற்பனையில் லாபம் 38,400. வரியைச் சேர்க்காமலே மாதம் 20,600 துண்டு விழுகிறது. கையிருப்பு மூன்றாம் மாதத்தைத் தாண்டாது.

திட்டத்தைத் திருத்தலாம். ஓர் ஆளுக்குப் பதில் வீட்டிலிருந்து ஒருவர் நின்றால் 12,000 மிச்சமாகி, செலவு 47,000 ஆகும். பழைய அலமாரி, பழைய குளிர்பெட்டி வாங்கினால் 1,80,000 கையிருப்பில் சேரும். பால், எண்ணெய் வகையின் பங்கை 30 சதவீதமாகக் குறைத்து, நிறுத்துத் தரும் சரக்கை 35 சதவீதமாக உயர்த்தினால் சராசரி லாபம் 11 சதவீதத்தைத் தொடும். அப்போது வரியோடு சேர்த்துச் செலவைச் சமாளிக்க மாதம் சுமார் 4,48,000 விற்பனை, அதாவது நாளுக்கு 150 பில் வேண்டும். எதிரே நின்று எண்ணிய எண்ணிக்கை இதற்கு மேல் இருந்தால் திட்டத்தை வங்கிக்குக் கொண்டுபோகலாம். உரிமையாளர் தனக்கும் 20,000 எடுக்க நினைத்தால் தேவை மீண்டும் 6 லட்சத்தைத் தாண்டுகிறது. 320 வீடுகளை மட்டும் நம்பி அந்த விற்பனையை எழுதக்கூடாது.