எழுதியவர் யார்?

ஒன்பதாம் வகுப்பு மாணவரை, ‘எங்கள் வீட்டுக் கிணறு’ என்னும் தலைப்பில் 8 வரிகள் எழுதுமாறு பணித்தோம். அதே தலைப்பை அதே அளவில் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமும் எழுதப் பெற்றோம். பிழைகளே காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், மாணவர் பத்திகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அனைத்தையும் ஒரே வகையாய்த் தட்டச்சு செய்து, பெயரின்றி எண்ணிட்டு வழங்கினோம். எழுதியது மனிதரா, கருவியா என்று குறிப்பதோடு, அவ்வாறு எண்ணச் செய்த சொல்லை அடிக்கோடிடவும் கூறினோம்.

கிணற்றை ‘வாழ்வின் ஆதாரம்’ எனப் போற்றிய பத்தி கருவியினுடையது என்றனர் பலர்; அதை எழுதியவளோ ஒரு மாணவி. பாட்டி வாளியைத் தவறவிட்ட கதையை மனிதர் எழுத்து என்றனர். அதுவோ கருவியின் புனைவு. பொதுச்சொல்லை மனிதரும் எழுதுவர், தனிச்செய்தியைக் கருவியும் புனையும் என்பது அடிக்கோடுகளை ஒப்பிட்டபோது விளங்கிற்று. ஆதலின், நடையை மட்டும் கண்டு எம்மாணவரையும் குற்றஞ்சாட்டலாகாது.

பின்பு அம்மாணவியிடம், “உங்கள் வாளி விழுந்தால் என்ன செய்வீர்கள்?” என்றோம். “அடுத்த வீட்டுப் பாதாளக்கரண்டியை இரவல் வாங்குவோம், போன முறை அது அத்தையின் பழைய செம்பையும் சேர்த்துக் கொணர்ந்தது” என்றாள். கருவிக்குப் பின்னால் கிணறு இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்தது. அதையே எழுதுமாறு தாளைத் திருப்பித் தந்தோம்.