சில்லோர் சந்தையில் விலையும் செலவும்

ஒரு வட்டாரத்திற்கு வேண்டிய சிமெண்டு முழுவதையும் நான்கு ஆலைகளே ஆக்கி விற்பதாகக் கொள்வோம். அவை விலையை நேராகக் குறிப்பதில்லை. எவ்வளவு ஆக்குவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவு செய்கிறது. மொத்த வரத்திற்கேற்பச் சந்தையில் ஒரே விலை அமைகிறது. இவ்வகைச் சந்தையை முதன்முதலில் கணித முறையில் ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ (1838).

நான்கு ஆலைகளின் பங்கு முறையே 40, 30, 20, 10 விழுக்காடு. மூட்டை விலை 400 ரூபாய். தேவை நெகிழ்ச்சி 2, அதாவது விலை 1 விழுக்காடு குறைந்தால் தேவை 2 விழுக்காடு கூடும் என்க.

முதல் ஆலை தன் ஆக்கத்தை 1 விழுக்காடு கூட்டினால், மொத்த வரத்து 0.4 விழுக்காடு கூடும், விலை 0.2 விழுக்காடு இறங்கும். இவ்விறக்கம் அது விற்கும் எல்லா மூட்டைகளையும் தாக்கும். கூடுதல் மூட்டைகளில் கிடைக்கும் இலாபம் இந்த இழப்பிற்குச் சமமாகும் இடத்தில் ஆலை நின்றுவிடும். அங்கே, விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் உள்ள இடைவெளி விலையில் 20 விழுக்காடாக இருக்கும். சந்தைப் பங்கை நெகிழ்ச்சியால் வகுத்தால் கிடைப்பதும் இதுவே. மற்றவற்றிற்கு இவ்விடைவெளி 15, 10, 5 விழுக்காடு. ஆகவே இறுதிநிலைச் செலவுகள் 320, 340, 360, 380 ரூபாய். செலவு குறைந்த ஆலையே பெரும்பங்கு பெறுகிறது என்பது இதனால் விளங்கும்.

பங்குகளின் வர்க்கங்களைக் கூட்டினால் செறிவு எண் 0.30 ஆகும். அதனை நெகிழ்ச்சியால் வகுக்கக் கிடைக்கும் 15 விழுக்காடே தொழில் முழுவதன் சராசரி இடைவெளி.

எனவே செறிவு ஏறினால் விலையும் ஏறும் என்று கொள்ளலாமா? நெகிழ்ச்சி மாறாதிருக்க, இரு நிலைகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்காம் ஆலை மூடப்பட்டால் செறிவு எண் 0.35 ஆகும், விலை 408 ரூபாயாக ஏறும். மாறாக, முதல் ஆலை புதிய முறையால் தன் செலவை 300 ரூபாயாகக் குறைத்தால் அதன் பங்கு ஏறத்தாழ 48 விழுக்காடாகும். செறிவு எண் 0.34 ஆகும், விலையோ 394 ரூபாயாக இறங்கும். செறிவு எண் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்திருப்பினும், வாங்குவோருக்கு முன்னதில் நட்டம், பின்னதில் நன்மை. செறிவு எண்ணை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. விலை எப்பக்கம் நகர்ந்தது என்பதையும் உடன் நோக்க வேண்டும்.

இவ்விதி ஆலைகள் தனித்து முடிவெடுக்கும் வரையே பொருந்தும். நான்கும் கூடி ஓர் ஆலைபோல் நடந்தால், இடைவெளி 50 விழுக்காடு வரை செல்லக்கூடும். கண்டறிந்த இடைவெளி கணக்கிட்டதற்கு மிகவும் மேற்பட்டிருப்பின், மறைமுக உடன்பாடு உண்டோ என ஆராய்தல் தகும். அவ்வாறு ஒப்பிடும்போது சூளை, இயந்திரம் முதலிய நிலைச் செலவுகளைச் சேர்த்த சராசரிச் செலவை எடுத்தல் பிழை. இன்னும் ஒரு மூட்டை ஆக்க ஆகும் செலவையே எடுக்க வேண்டும்.