மாத மழையளவிலிருந்து மழை அரிப்புத்திறன் காரணியை மதிப்பிடுதல் (ஜவ்வாது மலை)

மழை அரிப்புத்திறன் காரணி (R) என்பது ஓரிடத்தில் ஓராண்டில் பெய்யும் மழைக்கு மண்ணைப் பெயர்த்து அடித்துச் செல்லும் ஆற்றல் எவ்வளவு என்பதைக் காட்டும் எண்ணாகும். விஷ்மையர், ஸ்மித் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கிய பொது மண் இழப்புச் சமன்பாட்டின் முதல் காரணி இதுவே. இதை முறைப்படி கணக்கிட, ஒவ்வொரு மழையின் தீவிரமும் சில நிமிட இடைவெளியில் பதிவாகியிருக்க வேண்டும். அத்தகைய பதிவு இல்லாத இடங்களில் மாத மழையளவைக் கொண்டு R மதிப்பிடப்படுகிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையையும் அதன் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

== தீவிரப் பதிவின் தேவை ==

ஒரு மழையின் அரிப்புத்திறன், அதன் மொத்த இயக்க ஆற்றலை (E) அம்மழையின் மிகத் தீவிரமான 30 நிமிடங்களின் வீதத்தால் (I30) பெருக்கக் கிடைப்பதாகும். ஓராண்டின் எல்லா மழைகளுக்கும் இதைக் கூட்டி, பல ஆண்டுகளுக்குச் சராசரி கண்டால் R கிடைக்கும்.

சாதாரண மழைமானி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. அதில் 60 மி.மீ. என்று இருந்தால், அது இரு வேறு வகையில் பெய்திருக்கலாம். மணிக்கு 5 மி.மீ. வீதம் 12 மணி நேரம் பெய்த மழை என்றால், விஷ்மையர்–ஸ்மித் ஆற்றல் வாய்பாட்டின்படி அதன் அரிப்புத்திறன் ஏறத்தாழ 54 அலகு. மணிக்கு 40 மி.மீ. வீதம் ஒன்றரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த இடிமழை என்றால் ஏறத்தாழ 620 அலகு. மழைமானியில் நீர் ஒரே அளவுதான். அரிப்புத்திறனோ பதினோரு மடங்கு வேறுபடுகிறது. மாதக் கூட்டுத்தொகையில் இந்த வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடும்.

== திருத்திய ஃபூர்னியே குறியீடு ==

மழை சில மாதங்களில் குவியும் இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு அதிகம் என்ற கருத்தே மாத மழை முறையின் அடிப்படை. பிரெஞ்சுப் புவியியலாளர் ஃபூர்னியே 1960-இல் மிகுமழை மாதத்தை மட்டும் கொண்டு ஒரு குறியீட்டை அமைத்தார். ஆர்னோல்டஸ் அதைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் விரித்தார்.

```
F = (p1² + p2² + ... + p12²) / P
```

இங்கு p என்பது மாத மழை, P என்பது ஆண்டு மழை (இரண்டும் மி.மீ.). குறியீட்டை R ஆக மாற்ற, ரெனார்ட், ஃப்ரைமண்ட் ஆகியோர் அமெரிக்க நிலையங்களைக் கொண்டு 1994-இல் வெளியிட்ட சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. F 55-க்குக் குறையாதபோது அது:

```
R = 95.77 - 6.081 F + 0.4770 F²
```

இந்தியாவில் டேராடூன் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சிங் முதலானோர் 1981-இல் ஆண்டு மழையை மட்டும் கொண்ட நேர்கோட்டுச் சமன்பாட்டை அளித்தனர்:

```
R = 79 + 0.363 P
```

== கணக்கீட்டு எடுத்துக்காட்டு ==

ஜவ்வாது மலை தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுகிறது. இப்போக்கை ஒட்டிக் கணக்கிற்காக மட்டும் எடுத்துக்கொண்ட சராசரி மாத அளவுகள் (மி.மீ.) கீழே உள்ளன. இவை எந்த நிலையத்தின் பதிவும் அல்ல.

சனவரி 10, பிப்ரவரி 5, மார்ச் 10, ஏப்ரல் 30, மே 85, சூன் 70, சூலை 110, ஆகத்து 150, செப்டம்பர் 170, அக்டோபர் 180, நவம்பர் 120, திசம்பர் 60.

ஆண்டு மழை 1000 மி.மீ.; மாத அளவுகளின் வர்க்கங்களின் கூட்டல் 1,27,150; எனவே F = 127.15. ரெனார்ட்–ஃப்ரைமண்ட் சமன்பாட்டில் இட்டால் R ஏறத்தாழ 7030. இந்தியச் சமன்பாட்டில் இட்டால் 442.

== அலகுப் பிழை ==

7030-க்கும் 442-க்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அலகினால் வருவது. ரெனார்ட்–ஃப்ரைமண்ட் விடை பன்னாட்டு அலகில், அதாவது MJ·mm/(ha·h) என்பதில் அமைகிறது. இந்தியச் சமன்பாட்டின் விடை பழைய மெட்ரிக் அலகில் (டன்-மீட்டர், செ.மீ.) அமைகிறது. இரண்டாவதை முதலாவதாக மாற்ற 9.81-ஆல் பெருக்க வேண்டும்: 442 × 9.81 = 4336.

பெருக்காமல் 442-ஐ அப்படியே பன்னாட்டு அலகாகக் கொண்டு, மண்ணின் அரிபடுதன்மைக் காரணியை (K) மட்டும் பன்னாட்டு அலகில் எடுத்தால், மண் இழப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்து தோன்றும். அவ்வாறானால் உண்மையில் மேல்மண்ணை இழந்துவரும் சரிவு பாதுகாப்பானது என்று வரைபடத்தில் குறிக்கப்படும். அங்கே கல்வரப்பும் தடுப்பணையும் கட்டப்படாமல் போகும். R, K இரண்டும் ஒரே அலகு முறையில் உள்ளனவா என்று பார்ப்பதே முதல் சோதனை. பன்னாட்டு அலகில் K பொதுவாக 0.1-க்குக் கீழே இருக்கும், 0.3 என்று இருந்தால் அது அமெரிக்க அல்லது பழைய மெட்ரிக் அலகாக இருக்கக்கூடும்.

== சராசரி காணும் வரிசை ==

மாதச் சராசரியை முதலில் கண்டு F-ஐக் கணக்கிடுவதும், ஆண்டுதோறும் F கண்டு பிறகு சராசரி எடுப்பதும் ஒன்றல்ல. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஓராண்டு அக்டோபரில் 300 மி.மீ., மறு ஆண்டு 60 மி.மீ. பெய்ததாகக் கொள்வோம். அக்டோபர் சராசரி அதே 180-தான். ஆனால் இரு ஆண்டுகளின் F முறையே 165, 112. அவற்றின் சராசரி 138. இதைச் சமன்பாட்டில் இட்டால் R ஏறத்தாழ 8390. முன்னதைவிட 19 விழுக்காடு அதிகம்.

ரெனார்ட்–ஃப்ரைமண்ட் சமன்பாடு நீண்டகால மாதச் சராசரிகளுக்கு அமைக்கப்பட்டது. எனவே அதில் 127.15 என்ற முதல் முறை மதிப்பையே இட வேண்டும். வேறு சமன்பாட்டைப் பயன்படுத்துவோர், அது எந்த முறையில் கண்ட F-க்கு உரியது என்பதை முதலில் அறிய வேண்டும்.

== விடையின் பொருள் ==

அலகைத் திருத்திய பிறகும் 4340, 7030 என்ற இரு விடைகள் எஞ்சுகின்றன. முதலாவது, மழை எந்த மாதங்களில் பெய்கிறது என்பதைக் கருதவில்லை. இரண்டாவது அதைக் கருதினாலும், அமெரிக்க மழையின் தீவிரத்தை ஜவ்வாது மலைக்கும் பொருத்துகிறது. ஆகவே ஒற்றை எண்ணைத் தருவதைவிட இவ்விரண்டையும் எல்லைகளாகத் தருவதே நேர்மையானது. இதே காலநிலையில் தானியங்கி மழைமானி உள்ள அண்மை நிலையம் ஒன்று இருந்தால், அங்கு உண்மையான R-ஐக் கணக்கிட்டு, எந்தச் சமன்பாடு அதற்கு நெருங்கி வருகிறது என்று பார்க்கலாம்.

மலையின் உயரமும் கணக்கில் வர வேண்டும். அடிவார ஊர்களின் மழையை ஜமுனாமரத்தூர் போன்ற மேட்டுப்பகுதிக்கு அப்படியே எடுத்தாள இயலாது. 1981 முதல் கிடைக்கும் சிர்ப்ஸ் போன்ற செயற்கைக்கோள் சார்ந்த மழைத் தரவுகள் இடைவெளியை ஓரளவு நிரப்பும். ஆயினும் அவற்றையும் தரையில் உள்ள மழைமானியோடு ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இம்முறை ஓரளவு நம்பத்தக்க விடை தருவது மாதப் பங்கீட்டில்தான். ஒவ்வொரு மாதத்தின் வர்க்கத்தையும் மொத்த வர்க்கத்தால் வகுத்தால் அம்மாதத்தின் பங்கு தோராயமாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்வது ஆண்டு மழையில் 47 விழுக்காடு. அரிப்புத்திறனிலோ ஏறத்தாழ 60 விழுக்காடு. ஜவ்வாது மலைச் சரிவுகளில் சாமை பயிரிடப்படுகிறது. ஆடியில் விதைத்த சாமை ஐப்பசிக்குள் அறுவடையாகி நிலம் வெறுமையாகக் கிடந்தால், அரிப்புத்திறன் மிகுந்த மழை மூடாத மண்ணின் மேல் விழும். R-இன் சரியான மதிப்பு 4340-ஆ 7030-ஆ என்பது தெளிவாகாதபோதும், அறுவடைக்குப் பின் தாளை நிலத்திலேயே விட வேண்டிய மாதங்கள் எவை என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.