கோடிட்ட விலையும் உண்மை விலையும்

பண்டிகைக் காலத் தள்ளுபடி விளம்பரங்களில் இரண்டு விலைகள் அருகருகே இடம்பெறுகின்றன. ஒன்று கோடிட்டு அடிக்கப்பட்ட விலை. மற்றொன்று நாம் செலுத்த வேண்டிய விலை. ரூ.8,500 என்று கோடிட்ட ஒரு மிக்சி ரூ.3,400க்குக் கிடைக்கிறது, தள்ளுபடி 60 விழுக்காடு என்று விளம்பரம் சொல்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த ரூ.8,500ஐக் கொடுத்து அந்த மிக்சியை வாங்கியவர் எவரேனும் உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கோடிட்ட அந்த விலை பெரும்பாலும் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி. ஆகும். பொட்டலமிட்ட பொருள்களின் மேல் எல்லா வரிகளும் உட்பட இந்த விலையை அச்சிட வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலமிட்ட பொருள்கள்) விதிகளின் கட்டளை. அதற்கு மேல் விற்பது குற்றம். அதாவது, எம்.ஆர்.பி. என்பது ஓர் உச்சவரம்பு. பொருள் வழக்கமாக விற்கும் விலை அன்று. அந்த வரம்பை நிர்ணயிப்பவர் பொருளைத் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோதான். விலைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், அது எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதை அவரே முடிவு செய்கிறார்.

பிஸ்கட், சோப்பு போன்றவை தெருமுனைக் கடையில் ஏறக்குறைய எம்.ஆர்.பி.க்கே விற்கப்படுகின்றன. ஆகவே அவற்றில் தரப்படும் தள்ளுபடி பெரும்பாலும் மெய்யானது. வீட்டு மின்சாதனங்கள், காதொலிக் கருவிகள், மெத்தைகள், ஆயத்த ஆடைகள் ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றில் எம்.ஆர்.பி.க்கும் விற்பனை விலைக்கும் இடையே ஆண்டு முழுவதும் பெரும் இடைவெளி இருப்பதுண்டு. அந்த இடைவெளியையே பண்டிகை நாளில் தள்ளுபடி என்று பெயரிட்டு அறிவிக்கும்போது, கிடைக்காத சலுகையைக் கிடைத்ததாக நாம் நம்பிவிடுகிறோம்.

இதைக் கண்டறிய ஒரே வழி, பொருளின் கடந்த கால விலையைப் பார்ப்பதுதான். பெரிய இணைய அங்காடிகளின் விலையை நாள்தோறும் பதிவு செய்து வரைபடமாகக் காட்டும் தளங்கள் உள்ளன. Keepa, Buyhatke ஆகியவை அவற்றுள் சில. பொருளின் பக்க முகவரியை அத்தளத்தில் இட்டால், பல மாதங்களின் விலை ஒரு கோடாக விரியும். அதில் மூன்று செய்திகளைத் தேடினால் போதும். பொருள் எந்த விலையில் மிக நீண்ட நாள்கள் நின்றது? இதுவரை எட்டிய மிகக் குறைந்த விலை எது? விற்பனை விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் விலை திடீரென ஏறியதா?

நமது மிக்சியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் வரைபடம் ஆறு மாதங்களில் பெரும்பாலான நாள்கள் ரூ.3,500 என்று காட்டுகிறது. ஒரு முறை மட்டும் சில நாள்களுக்கு ரூ.3,250க்கு இறங்கியிருக்கிறது. விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன் ரூ.4,300க்கு ஏறி, விழா நாளில் ரூ.3,400க்கு இறங்குகிறது. ஒரு வாரம் மட்டும் விலையைக் கவனித்து வந்தவருக்கு ரூ.900 குறைந்ததாகத் தோன்றும். ஆறு மாதக் கோட்டைப் பார்ப்பவருக்கோ உண்மை புலப்படும்: வழக்கமான ரூ.3,500இலிருந்து குறைந்தது ரூ.100 மட்டுமே. அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒப்பிட வேண்டிய விலை கோடிட்ட விலையன்று, நெடுநாள் நின்ற விலையே என்பதற்கு இதுவே காரணம்.

இனி வங்கி அட்டைச் சலுகையைச் சேர்த்துப் பார்ப்போம். கடன் அட்டைக்கு 10 விழுக்காடு உடனடித் தள்ளுபடி என்றால் மேலும் ரூ.340 குறைந்து ரூ.3,060 ஆகிறது. இது மெய்யான குறைப்பு. வழக்கமான விலையோடு ஒப்பிட்டால் ரூ.440 மிச்சம், அதாவது சுமார் 13 விழுக்காடு. ஆயினும் குறைந்தபட்சக் கொள்முதல் தொகை, தள்ளுபடியின் உச்சவரம்பு ஆகியவற்றை முன்னரே படித்தறிதல் வேண்டும்.

அதே பொருளை ஆறு மாத 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்கினால் கணக்கு மீண்டும் மாறுகிறது. இத்திட்டத்தில் வட்டி இல்லாமற் போவதில்லை. வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் விலையில் கழித்துத் தர, வங்கி வட்டியை வழக்கம்போல் வசூலிக்கிறது. அந்த வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாடிக்கையாளரைச் சேர்கிறது. ஆண்டு வட்டி 16 விழுக்காடு எனில் அந்த வரி சுமார் ரூ.25. செயலாக்கக் கட்டணம் ரூ.199 என்று கொண்டால், வரியோடு சுமார் ரூ.235. ஆக மொத்தச் செலவு சுமார் ரூ.3,320. 60 விழுக்காடு என்று தொடங்கிய தள்ளுபடி இறுதியில் 5 விழுக்காட்டில் வந்து நிற்கிறது. கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும். எனவே பணம் செலுத்தும் பக்கத்திலேயே அதைப் பார்த்துவிடுவது நலம்.

விலை வரைபடத்திற்கும் எல்லைகள் உண்டு. அட்டைச் சலுகை, கூப்பன், பழைய பொருள் மாற்று ஆகியவற்றால் கிடைத்த குறைப்பு பொதுவாக அதில் பதிவாவதில்லை. ஆகவே பழைய விழாவில் பிறர் உண்மையில் கொடுத்த விலை, கோடு காட்டுவதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். நிறம், கொள்ளளவு மாறினால் விலையும் மாறும். நாம் வாங்கவிருக்கும் வகைக்கே வரைபடம் உரியதா என்று சரிபார்க்க வேண்டும். புதிதாக வந்த மாதிரிக்கு வரலாறே இராது. ஒரே பொருள் மாதிரி எண் மட்டும் மாறிப் புதியதாக வருவதும் உண்டு. அத்தகைய நிலையில் அதே வாட் திறனும், அதே எண்ணிக்கை ஜாடிகளும், அதே உத்தரவாதக் காலமும் கொண்ட பிற மாதிரிகளின் விலையோடு ஒப்பிடலாம். அருகிலுள்ள கடையில் ஒரு முறை விலை கேட்பதும் பயன் தரும். நாம் முன்பு வாங்கிய பொருளாயின், பழைய ஆர்டர் பட்டியலே நம்பகமான விலைப் பதிவு.

பொருள் வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி.யையும் இணையப் பக்கத்தில் கோடிட்டுக் காட்டிய விலையையும் ஒப்பிடுங்கள். எம்.ஆர்.பி. உள்ளிட்ட விவரங்களை இணைய அங்காடியும் காட்ட வேண்டும் என்பது மேற்சொன்ன விதிகளிலேயே உள்ளது. பெட்டியில் ரூ.5,200 என்றும் பக்கத்தில் ரூ.8,500 என்றும் இருந்தால், அது வெறும் உயர்ந்த உச்சவரம்பு அன்று, தவறான தகவல். வாங்கும்போதே பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தால், பெட்டியின் படத்தையும் விலைச்சீட்டையும் சேர்த்து முதலில் அங்காடியின் குறைதீர் அலுவலரிடமும், தீர்வு கிடைக்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க இடமளிக்கிறது.

விழா அறிவிப்பு வருவதற்கு முன்பே, வாங்க எண்ணிய பொருளின் வழக்கமான விலையை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். விற்பனை நாளில் கடிகாரம் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது, விழுக்காட்டைப் பார்க்க வேண்டியதில்லை. தாளில் உள்ள எண்ணையும், கட்டணங்கள் சேர்ந்த இறுதித் தொகையையும் மட்டும் ஒப்பிட்டால் முடிவு தானே தெளியும்.