ஒரு முட்டையா, இரண்டு முட்டையா?

ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டை வாழைப்பழத்தைக் கர்ப்பிணி சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சீப்பில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், "அதை வெச்சிடும்மா, வேற எடுத்துக்கோ" என்று மாமியார் கையிலிருந்து வாங்கிவிடுவார். பாவம் அந்தப் பழம். கருத்தரித்து இரண்டு வாரத்துக்குள், அதாவது வீட்டில் யாருக்கும் விஷயம் தெரிவதற்கு முன்பே, ஒன்றா இரண்டா என்பது முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு சிலருக்குச் சினைப்பையிலேயே நடந்துவிடுகிறது, சிலருக்கு அதன் பிறகு கருவில் நடக்கிறது. இரட்டையரில் இரண்டு வகை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சினைப்பையில் மாதாமாதம் ஒரு போட்டி நடக்கிறது. ஒன்றல்ல, பல முட்டைகள் ஒரே சமயத்தில் முதிரத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் ஃபாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பைக்குள் இருக்கும். அவற்றை வளர்ப்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன். ஏழெட்டு நாளில் ஏதாவது ஒரு ஃபாலிக்கிள் முந்திக்கொள்கிறது. அது ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச்சைக் குறைத்துவிடுகிறது. முந்திய ஃபாலிக்கிள் அந்தக் குறைந்த அளவிலேயே பிழைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். மற்றவை வாடிவிடுகின்றன. மாதத்துக்கு ஒரு முட்டை என்ற கணக்கு இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

எஃப்எஸ்ஹெச் போதிய அளவு குறையாமல் போனால் இரண்டாவது ஃபாலிக்கிளும் தாக்குப்பிடித்து முதிர்ந்துவிடும். இரண்டு முட்டைகள், இரண்டு விந்தணுக்கள், இரண்டு கருக்கள். ஒரே நேரத்தில் ஒரே வயிற்றில் வளர்வதைத் தவிர, இந்தப் பிள்ளைகளுக்கும் இரண்டு வருட இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பிக்கும் மரபணுவில் வித்தியாசம் இல்லை. சராசரியாகப் பாதி மரபணு பொதுவாக இருக்கும், அவ்வளவுதான். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டையர் அநேகமாக எப்போதும் இந்த வகைதான்.

இது எஃப்எஸ்ஹெச் விவகாரம் என்று தெரிந்ததும் பல விஷயங்கள் புரிகின்றன. முப்பத்தைந்தைத் தாண்டும்போது முட்டை இருப்பு குறையும், அதை ஈடுகட்ட எஃப்எஸ்ஹெச் ஏறும். அதனால் அந்த வயதில் கருத்தரிப்பவர்களுக்கு இரட்டை பிறக்கும் வாய்ப்பு இருபதுகளில் இருப்பதைவிட அதிகம். "எங்க பாட்டி வீட்டுல ரெட்டைப் புள்ளைங்க உண்டு" என்பதிலும் உண்மை இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எஃப்எஸ்ஹெச்சோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் இத்தகைய தாய்மாரிடம் அதிகம் இருப்பதைக் காட்டியது. ஆனால் முட்டை விடுவது பெண்ணின் உடல். கணவன் வீட்டில் எத்தனை இரட்டையர் இருந்தாலும் மனைவியின் சினைப்பைக்கு அது தெரியப்போவதில்லை. அவரிடம் அந்த மரபணு இருந்தால், அதன் பலன் மகளுக்குப் போய்ச் சேரலாம்.

குழந்தைப்பேறு சிகிச்சை கைவைப்பதும் இதே இடத்தில்தான். பிசிஓடி உள்ள, முட்டை சரியாக வெளிவராத ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு குளோமிஃபீன் மாத்திரை தருகிறார்கள். இந்த மருந்து ஈஸ்ட்ரோஜன் இருப்பதை மூளை உணராதபடி மறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று நினைத்து மூளை எஃப்எஸ்ஹெச்சை அதிகமாக அனுப்பவைக்கும். ஒன்பதாம் பத்தாம் நாளில் ஸ்கேன் பார்க்கிறார்கள். ஃபாலிக்கிள் நாளுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். 18, 20 மில்லிமீட்டர் வந்ததும் முட்டை வெடிக்க ஊசி போடுவார்கள்.

ஸ்கேனில் 19, 18, 17 என்று மூன்று பெரிய ஃபாலிக்கிள்கள் தெரிந்தால்? பல மாதம் காத்திருந்த தம்பதிக்கு அது நல்ல செய்தியாகப் படும். கவனமான டாக்டர் அந்த மாதம் ஊசி போடமாட்டார், தம்பதியையும் சேர வேண்டாம் என்பார். மூன்றும் கருவானால் மூன்று குழந்தைகள். இவ்வளவு கண்காணித்தும் குளோமிஃபீனால் கருத்தரிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இரட்டை. எஃப்எஸ்ஹெச்சையே நேரடியாக ஊசியாகப் போட்டால் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே குறைத்துக்கொள்ளும் பொறுப்பு உடலிடம் இல்லை, மருந்தளவிடம் இருக்கிறது. பிசிஓடிக்கு இப்போது லெட்ரோசோல் மாத்திரையை முதலில் தருவதற்கு ஒரு காரணம், அதில் பெரும்பாலும் ஒரே முட்டை முதிர்வது.

ஐவிஎஃப்பில் கதை வேறு. அங்கே பத்துப் பதினைந்து முட்டைகளை வேண்டுமென்றே வளர்த்து, வெளியே எடுத்து, கருவாக்குகிறார்கள். அதனால் சினைப்பையில் எத்தனை முட்டை என்பது அங்கே பொருட்டல்ல, கருப்பையில் எத்தனை கருவை வைக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று வைத்த காலத்தில் இரட்டையர் குவிந்தார்கள். 2009இல் கலிஃபோர்னியாவில் நாடியா சுலேமான் என்ற பெண் ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் பெற்றார். அவருக்கு 12 கருக்களை வைத்த டாக்டரின் உரிமம் பின்னர் பறிக்கப்பட்டது. பிரிட்டனில் ஒரு நேரத்தில் ஒரே கரு என்ற பழக்கத்தைக் கொண்டுவந்ததும், 2008 வாக்கில் ஐவிஎஃப் பிரசவங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருந்த இரட்டைப் பேறு 2019இல் 6 சதவீதமாக இறங்கிவிட்டது.

ஒரே கருவை வைத்தும் சிலருக்கு ஸ்கேனில் இரண்டு இதயத்துடிப்பு தெரிவதுண்டு. இது இரண்டாவது வகை. ஒரு முட்டை, ஒரு விந்தணு, ஒரு கரு. அது இரண்டாகப் பிரிந்துகொள்கிறது. உலகில் எந்த நாட்டை எடுத்தாலும் ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று நான்கு என்ற அளவிலேயே இது நிற்கிறது. பாட்டி வழி, தாயின் வயது எதுவும் இதை அசைப்பதில்லை. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்த்த கருவில் மட்டும் இது கொஞ்சம் கூடி, நூற்றுக்கு ஒன்று இரண்டு வரை போகிறது.

எந்த நாளில் பிரிகிறது என்பதைப் பொறுத்துப் பிள்ளைகளின் இருப்பிடம் மாறும். முதல் மூன்று நாளில் பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சு, தனித்தனிப் பனிக்குடம். நான்கிலிருந்து எட்டாம் நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. மூன்றில் இரண்டு ஜோடிகள் இப்படித்தான். அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றே, தொப்புள்கொடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பதின்மூன்று நாளுக்கு மேல் என்றால் உடலே முழுதாகப் பிரியாமல் ஒட்டிப் பிறக்கின்றன.

இரண்டு நஞ்சு என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் "அப்போ ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க" என்று முடிவுகட்டுகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஒரே கருவிலிருந்து வந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஜோடிக்கு நஞ்சு இரண்டு. இருவரும் ஆண், அல்லது இருவரும் பெண் என்றால் டிஎன்ஏ பரிசோதனைதான் தீர்த்துச் சொல்லும்.

டாக்டருக்கோ முகஜாடையைவிட நஞ்சின் எண்ணிக்கைதான் முக்கியம். ஒரே நஞ்சில் இருவரின் ரத்தக்குழாய்களும் உள்ளே இணைந்திருக்கும். பத்து முதல் பதினைந்து சதவீத ஜோடிகளில் ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடுகிறது. கொடுக்கும் பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றும், வாங்கும் பிள்ளையைச் சுற்றி நீர் பெருகும். ஒரு பக்கம் நீர் ஏறி மறுபக்கம் இறங்குவதுதான் ஸ்கேனில் முதலில் தெரியும் அடையாளம். அதனால்தான் இவர்களுக்குப் பதினாறாம் வாரம் முதல் இரண்டு வாரத்துக்கொரு ஸ்கேன். முற்றினால் கருப்பைக்குள் லேசரால் அந்த இணைப்புகளை அடைக்க வேண்டிவரும்.

நஞ்சு ஒன்றா இரண்டா என்று தெளிவாகத் தெரிவது பதினொன்றிலிருந்து பதினாலு வாரத்துக்குள். பனிக்குடங்களின் நடுச்சுவர் நஞ்சைத் தொடும் இடத்தில் முக்கோணம்போல் தடித்திருந்தால் நஞ்சு இரண்டு. மெல்லிய கோடாக நேரே வந்து நின்றால் ஒன்று. அந்த முக்கோணம் மாதம் ஏற ஏற மங்கிவிடும். அதனால் அந்த ஸ்கேன் படத்தைத் தொலைக்காமல் பிரசவம் வரை கூடவே கொண்டுபோவது நல்லது.